மாசானம் பேரில் ஒரு டப்பா

எனக்குப் பொறாமை. சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பெண்டாட்டி சமைத்ததை இன்னொருவன் வழித்துத் தின்றுவிட்டு, "அக்கா, இன்னைக்கு டப்பா சூப்பர்க்கா" என்று போனில் குரல் பதிந்து அனுப்புவான். அவள் அடுப்படியில் நின்றபடி அதை இரண்டு தடவை போட்டுக் கேட்பாள். கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நான் கல்யாணமான புதிதில் பார்த்ததோடு சரி. அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் மட்டும் வயிற்றெரிச்சல் அடங்கிவிடுமா என்ன?

நான் அசோகன். வயது இருபத்தொன்பது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. எந்தப் பெட்டி உள்ளே வந்தது, எந்தப் பெட்டி வெளியே போனது என்று நம்பர் பார்த்துக் குறிக்க வேண்டும். உயரம் ஐந்தடி ஏழங்குலம், எடை ஐம்பது கிலோ. கொஞ்சம் காற்று அடித்தால் போதும், "அசோகா, கம்பத்தைக் கெட்டியா புட்ச்சுக்கடா" என்று யார்டே கத்தும். சிரித்துக்கொண்டே நானும் போய்ப் பிடிப்பதுபோல் காட்டுவேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

என்னால் சாப்பிட முடியாது. அதுதான் என் வியாதி என்றால் வியாதி. டாக்டரிடம் போய் ரத்தம், மலம் எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை, நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அனுப்பிவிட்டார். அதைச் சொல்ல ஒரு டாக்டர். நாலு வாய் சோறு உள்ளே போனதும் தொண்டைக்குக் கீழே யாரோ கதவைச் சாத்திவிடுவார்கள். தட்டில் பாதி அப்படியே இருக்கும். செங்கொடி, அதுதான் என் பெண்டாட்டி, ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு போவாள். அவள் ஒன்றும் சொல்லாததுதான் எனக்குப் பெரிய குத்தல்.

அவள் கை மணம் அந்த வட்டாரத்துக்கே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பிளாக்குக்குப் பின்னால் உபைதுல்லா ஜிம் திறந்தான். என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். ஜிம்முக்கு வரும் பையன்களுக்கு வேகவைத்த முட்டை, கோழி, சுண்டல் என்று கட்டித் தர ஆள் வேண்டும் என்றான். செங்கொடி பிடித்துக்கொண்டாள். கிராம் காட்டும் சின்னத் தராசு வாங்கினாள், வீடியோ பார்த்தாள், நோட்டுப் போட்டாள், யாருக்கு எவ்வளவு என்று அவளே பழகிக்கொண்டாள். இன்றைக்கு இருபத்திரண்டு டப்பா. சிலதற்கு நீல மூடி, சிலதற்குச் சிவப்பு மூடி. மூடியில் பேர் எழுதி ஒட்டியிருக்கும். காலை ஐந்தேமுக்காலுக்கு இரண்டு பையில் அடுக்கி நான்தான் ஜிம்மில் கொண்டுபோய் வைப்பேன். நிறம் எதற்கு என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. ஊரான் சோற்றில் எனக்கென்ன விசாரணை என்று ஒரு வீம்பு.

அந்த இருபத்திரண்டு பேரில் ஒருவன்தான் ஷிபின். மார்த்தாண்டம் பக்கத்துக் குடும்பம், மூலக்கொத்தளத்தில் பிளைவுட் கடை. கடையில் பலகை தூக்கித் தூக்கியே பாதி உடம்பு வந்ததாம், மீதி உபைதுல்லாவிடம். சட்டைக் கை அவன் புஜத்தில் ஏறாது. கழுத்து எங்கே முடிந்து தோள் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டும். மாவட்ட ஆணழகன் போட்டிக்குத் தயார் செய்துகொண்டிருந்தான். இதில் கொடுமை என்னவென்றால் அவன் நல்லவன். என்னைப் பார்த்தால் பாரத்தைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, நல்லாருக்கீங்களா?" என்று இரண்டு கையாலும் என் கையைப் பிடிப்பான். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

ஒருநாள் ராத்திரி, தட்டில் பாதியை நான் ஒதுக்கிவைத்த நேரம் பார்த்து, செங்கொடி போனைக் காட்டினாள். காலி டப்பாவை ஷிபின் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். "பாருய்யா, ஒரு பருக்கை கீதா பாரு. ஆக்கிப் போட்டவளுக்கு இத்த வுட இன்னா வோணும்?" என்றாள்.

அவள் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அது எனக்கே தெரியும். தெரிந்தும் காண்டு ஆகிவிட்டது. நாலு வருஷத்தில் ஒருநாளாவது அவள் என் தட்டைப் பார்த்து அப்படிச் சொல்லியிருக்கிறாளா? எனக்கு ஷிபினின் புஜம் வேண்டும். அதைவிட, அவள் அவன் டப்பாவைப் பார்த்த பார்வை என் தட்டுக்கு வேண்டும். மறுநாளே ஜிம்மில் சேர்ந்தேன்.

செங்கொடிக்கு ஒரே குஷி. "அப்போ ஒனக்கும் ஒரு டப்பா கட்டட்டா?" என்று கேட்டாள்.

"எனக்கு ஒண்ணியும் வாணாம். நான் இன்னா ஒன் கஸ்டமரா?" என்று எரிந்து விழுந்தேன். இருபத்திரண்டோடு இருபத்துமூன்றாய் நிற்க என்னால் முடியாது. அவள் முகம் சுருங்கிப்போனது. எப்போதும்போல எனக்கு மதியச் சோறு கட்டி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆனால் ஷிபின் என்ன சாப்பிடுகிறான் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு விடிகாலையில், ஜிம் படிக்கட்டில் பையை வைத்துவிட்டு, திருடன்போல அவன் டப்பாவைத் திறந்தேன். சிவப்பு மூடி. உள்ளே ஆறு முட்டை, மஞ்சள் கரு இல்லாமல் வெறும் வெள்ளை. அவித்த கோழி நெஞ்சுக்கறி. ஒரு குவியல் பீன்ஸ், வெள்ளரிக்காய். ஓரத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு பிடி சோறு. இதுவா? இதைத் தின்றா அந்த உடம்பு? அப்படியானால் நானும் இதைத் தின்றால் எனக்கும் வந்துதானே ஆக வேண்டும்?

உபைதுல்லாவைத் தனியாகக் கூப்பிட்டேன். "ஷிபினுக்குப் போற அதே டப்பா எனக்கும் வோணும். செங்கொடிக்குத் தெரியக் கூடாது. வேற பேர்ல சொல்லு."

அவன் வாயைப் பிளந்தான். "டேய், ஒன் வூட்டுச் சோத்தையே வேற பேர்ல வாங்கித் துன்னப் போறியா?"

"ஆமாடா."

"அவன் கணக்கு வேறடா மாமு. அது ஒனக்கு ஒத்துக்காது. நான் சொல்றதைக் கேளு."

சொல்ல விட்டால்தானே? ரகசியத்தைத் தன் ஆளுக்கே வைத்துக்கொள்ளப் பார்க்கிறான் என்று நினைத்தேன். "தோஸ்தா இருந்தா செய், இல்லாட்டி வுடு" என்றேன். தலையில் அடித்துக்கொண்டான். அப்படித்தான் இருபத்துமூன்றாவது டப்பா பிறந்தது. எங்கள் யார்டுக்கு வரும் ஒரு லாரி டிரைவரின் பேரைத் தூக்கிக் கொடுத்தேன். மூடியில் செங்கொடி கையெழுத்தில் 'மாசானம்'.

அன்றிலிருந்து என் பிழைப்பைக் கேளுங்கள். விடிகாலையில் என் டப்பாவை நானே சுமந்துபோய் ஜிம்மில் வைப்பேன், நானே எடுத்துக்கொள்வேன். ஷிபின் ஓடும் மெஷினில் நாற்பது நிமிஷம் ஓடுவான்; பக்கத்து மெஷினில் நானும் ஓடுவேன். அவன் பெரிய பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பான், நானும் குடிப்பேன். மதியம் யார்டில் மாசானத்தின் டப்பாவைத் திறந்து, அந்தக் கோழியை மென்று மென்று தாடை வலிக்க விழுங்குவேன். பாதி பீன்ஸிலேயே வயிறு கல்லாகிவிடும். அடடா, வயிறு நிறைகிறதே, நன்றாகச் சாப்பிடுகிறோமே என்று எனக்குப் பெருமை வேறு. செங்கொடி கட்டிக் கொடுத்த சோற்றையும் மீன் குழம்பையும் கூட வேலை செய்யும் மண்ணாங்கட்டி பக்கம் தள்ளிவிடுவேன். அந்த மகராசன், "இன்னா கை மாமு தங்கச்சிக்கு!" என்று விரலைச் சூப்பிக்கொண்டு தின்பான். அதற்கும் எனக்கு எரியும்.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு கூத்து. டப்பா கழுவும்போது செங்கொடி சொன்னாள், "இந்த மாசானம் யாரோ தெரில, டப்பாவைக் கழுவித் தொடைச்சு அனுப்பறாரு. இத்தினி பேர்ல அந்தப் புத்தி எவனுக்காவது கீதா? நல்ல மனுசன்."

கழுவியது நான். ஆனாலும் பாருங்கள், 'நல்ல மனுசன்' என்று அவள் சொன்னது மாசானத்தைத்தானே? அன்றைக்கு ராத்திரி முழுக்க நான் அந்த மாசானத்தின்மேல் கடுப்பில் இருந்தேன். கிறுக்குத்தனம் என்று தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய? மறுநாளிலிருந்து டப்பாவைக் கழுவாமலே அனுப்பினேன்.

ஐந்து வாரம் போனது. கண்ணாடி முன்னால் நின்று கையை மடக்கிப் பார்ப்பேன். எலும்பு முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. அதை நான் உடம்பு இறுகுகிறது என்று எடுத்துக்கொண்டேன். முதல் வாரத்தில் தூக்கிய பாரத்தை ஐந்தாம் வாரத்தில் தூக்க முடியவில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. மாசக் கடைசியில் உபைதுல்லா எல்லாரையும் எடை பார்த்து செங்கொடிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவான். அதைப் பார்த்துத்தான் அவள் அளவைக் கூட்டுவாள், குறைப்பாள். மெஷினில் நான் ஏறினேன். நாற்பத்தெட்டு, புள்ளி ஆறு.

"மெஷின் பேஜாருடா" என்றேன்.

"மெஷின் நல்லாத்தான் கீது" என்றான் உபைதுல்லா. அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. மாசானம் என்று எழுதி, உயரம், எடை எல்லாம் போட்டு அனுப்பிவிட்டான்.

மறுநாள் காலை நான் பெஞ்சில் மல்லாந்து, கம்பியை நெஞ்சுக்கு இறக்கி, மேலே போகமாட்டேன் என்று அது அடம்பிடித்துக்கொண்டிருந்த நேரம். வாசலில் செங்கொடி குரல். அவள் ஜிம்முக்கு வருகிறவளே இல்லை.

"உபைது அண்ணே! மாசானம் யாரு? இட்டுகினு வா அந்த ஆளை! அஞ்சடி ஏழங்குலம், நாப்பத்தெட்டுக் கிலோ, அந்த ஆளுக்குப் போயி செவப்பு மூடி சொல்லிக்கீறியே, ஒனக்கு அறிவு கீதா? அந்த மனுசனுக்கு எதனா ஆச்சுன்னா என் சோத்தைத் துன்னுதான்னு ஊர்ல சொல்ல மாட்டாங்களா?"

ஜிம் மொத்தமும் நின்றுவிட்டது. உபைதுல்லா என்னைப் பார்த்தான். ஷிபின் ஓடிவந்து என் நெஞ்சிலிருந்து கம்பியை ஒரு கையால் தூக்கி வைத்தான். நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"நான்தான்" என்றேன்.

"இன்னா நான்தான்?"

"மாசானம்."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். சிரித்தாலும் சிரிப்பாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. மெதுவாகக் கேட்டாள், "அப்போ நான் கட்டிக் குடுத்த சோறு?"

"மண்ணாங்கட்டி துன்னான்."

"அஞ்சு வாரமும்?"

தலையை ஆட்டினேன். மண்ணாங்கட்டிக்கு அதற்குள் தொப்பை வைத்து, பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருந்தான். அதை நான் சொல்லவில்லை. செங்கொடி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். அத்தனை பேர் முன்னால் பொண்டாட்டியை அழவைத்த கய்தே நான்தான். அந்த நேரத்திலும் என் கண் எங்கே போனது தெரியுமா? ஷிபின் ஒரு கையால் தூக்கிய கம்பிக்குத்தான்.

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"குந்து. நீ கஸ்டமர் இல்லேன்னியே, இன்னிலேர்ந்து நீதான் என் மொத கஸ்டமரு. பேசாம கேளு. செவப்பு மூடி எடை எறக்கறவனுக்கு, நீலம் ஏத்தறவனுக்கு. ஷிபின் அந்த ஒடம்பை இந்த டப்பா துன்னு வளக்கல. போன வருசம் பூரா நீல டப்பா துன்னு வளத்தான். இப்போ போட்டிக்கு மேல்கொழுப்பைக் கரைக்கறான். அந்த டப்பா ஐநூறு கலோரி தேறாது. வயிறு ரொம்பும், ஒடம்பு ரொம்பாது. நான் ஒனக்குக் கட்டின சோறும் கொழம்பும் எண்ணூறு. அத்தத் தூக்கி மண்ணாங்கட்டிக்குக் குடுத்துட்டு, இருக்கறதையும் ஓடிக் கரைச்சிகினு... ஏன்யா, ஒரு வார்த்த என்னாண்ட கேக்கக் கூடாதா?"

நான் என்ன சொல்ல? பொறாமையில் கேட்கவில்லை என்றா? சொல்லிவிட்டேன். அப்படியே சொல்லிவிட்டேன், அவன் டப்பாவைப் பார்த்து நீ சிரித்தாயே அது, குரலை இரண்டு தடவை கேட்டாயே அது, எல்லாம். அவள் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "லூசு" என்று மட்டும் சொன்னாள். ஆனால் காது சிவந்துவிட்டது.

அப்புறம் வேலை ஆரம்பித்தது. முதலில் டீயில் கைவைத்தாள். யார்டில் நான் நாளைக்கு ஆறு டீ. அதுதான் பசியைக் கொல்கிறது என்று இரண்டாகக் குறைத்தாள், அதுவும் சாப்பிட்ட பிறகு. சாப்பாட்டுக்கு முன்னால் வயிறு முட்டத் தண்ணீர் கூடாது. ஓட்டம் நிறுத்தம். "பெரிய தட்டைப் பாத்தாலே நீ பயப்படற. அத்தனால பெரிய தட்டே ஒனக்கு வாணாம். ஆறு தபா, கொஞ்சம் கொஞ்சம்" என்றாள். காலையில் மூன்று இட்லியும் மஞ்சள் கருவோடு இரண்டு முட்டையும். பத்தரைக்கு வேர்க்கடலையும் நாலு பேரீச்சையும், சட்டைப் பையில் போட்டு நடந்துகொண்டே மெல்லலாம். மதியம் சோறு, அளவு பழையதுதான், ஆனால் மேலே ஒரு கரண்டி நெய், ஒரு துண்டு மீனுக்கு இரண்டு துண்டு. நாலரைக்குச் சுண்டல். மெல்ல முடியாததைக் குடி என்று, ஜிம் முடிந்ததும் ஒரு டம்ளர், படுக்கும் முன் ஒரு டம்ளர்: பால், இரண்டு வாழைப்பழம், ஒரு கரண்டி அரைத்த வேர்க்கடலை. அது தொண்டைக்குக் கீழே இருக்கும் அந்தக் கதவைத் தட்டாமலே உள்ளே போய்விட்டது.

இதையும் ஒரே நாளில் திணிக்கவில்லை. முதல் வாரம் ஒரு டம்ளர் பால் மட்டும் கூட்டினாள். அடுத்த வாரம் கடலை. அதற்கடுத்த வாரம் இன்னொரு இட்லி. "ஒன் எடைக்கு எம்பது கிராம் புரதம் போதும். அத்துக்கு மேல கோழியத் துன்னுட்டு சோத்துக்கு எடம் இல்லாம பண்ணிக்காத" என்றாள். ராத்திரிச் சோறு மட்டும் எனக்கு வழக்கம்போல பாதியில் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியமும் அப்படித்தான், அன்றைக்கு அவள் தாராளமாகப் போடுவாள். "வுடு, ரோதனை பண்ணாத. அதான் பால் குடிக்கறியே" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். உபைதுல்லாவும் வாரத்தில் மூன்று நாள் போதும் என்றான். குந்தி எழுவது, தள்ளுவது, இழுப்பது, போன தடவையைவிட ஒரு துளி அதிகம், அவ்வளவுதான். சனிக்கிழமை காலை வெறும் வயிற்றில் எடை.

முதல் இரண்டு வாரம் எடை அசையவில்லை. பிறகு முந்நூறு கிராம். ஒரு வாரம் ஒன்றுமில்லை, அடுத்த வாரம் ஐந்நூறு. ஒருநாள் எடை அப்படியே நிற்கிறதே என்று வெறியில் நான் எட்டு இட்லியை அமுக்கிவிட்டு, மணலிக்குப் போகும் வழியில் வண்டியை ஓரம் கட்டி மொத்தத்தையும் வாந்தி எடுத்தேன். அன்றைக்கு முழுக்க ஒன்றும் இறங்கவில்லை. செங்கொடி திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. பதினாலு வாரத்தில் ஐம்பத்திரண்டு புள்ளி ஏழு. ஷிபின் உடம்புக்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை. ஆனால் யார்டில் கம்பத்தைப் பிடி என்று கத்துவதை நிறுத்திவிட்டார்கள். சட்டை தோளில் உட்கார்ந்தது.

பொறாமை போயிற்றா என்றால், எங்கே போகும்? ஷிபினுக்குச் சிவப்பு டப்பா போய்க்கொண்டுதான் இருந்தது, 'சூப்பர்க்கா' வந்துகொண்டுதான் இருந்தது. நான் குடிக்கும் பாலை அவன் டப்பாவோடு ஒப்பிட்டு, அவனுக்கு பீன்ஸை எவ்வளவு பொடியாக நறுக்குகிறாள், எனக்கு மட்டும் கடலையை உரலில் போட்டு இடித்துவிட்டாள் பார் என்று கணக்குப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஷிபின் வீட்டுக்கு வந்தான். செங்கொடிக்கு நுழைவுச்சீட்டு கொடுக்க. நான் தரையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்த நேரம். காசிமேட்டிலிருந்து விடிகாலையில் நானே வாங்கி வந்த சங்கரா மீனில் குழம்பு. நெத்திலி வறுவல். சோறு மலையாகக் குவிந்திருந்தது.

ஆளைப் பார்த்ததும் திடுக்கென்றது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. புஜம் அப்படியேதான் இருந்தது, அதன்மேல் நரம்பு ஓடியது, ஆனால் மூன்று மாடி ஏறியதற்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். செங்கொடி வெந்நீர் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். அவன் என் எதிரில் உட்கார்ந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தான்.

"அண்ணே, சங்கராவா?"

"ஆமாம்பா."

"அந்தக் கொழம்பை சோத்துல ஊத்துங்கண்ணே."

ஊற்றினேன். அது சோற்றில் இறங்கி ஊறுவதை அவன் எச்சில் விழுங்கிக்கொண்டு பார்த்தான். "ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. மொபைல்ல சமையல் வீடியோ போட்டுப் பாத்துட்டே படுத்திருக்கேன். தப்பா நெனைக்காதீங்க, உங்களப் பாத்தா எனக்கு வயிறு எரியுதுண்ணே. எங்கக்கா கை சோறு, எவ்வளவு வேணாலும் சாப்பிடலாம். உங்களுக்குத்தான் சாப்பிட முடியலைங்கிறாங்க" என்றான்.

கேட்டீர்களா? எரிகிறதாம், அவனுக்கு, என்னைப் பார்த்து! இத்தனை மாசமாக நான் வெந்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் ஆறிப்போனது. நல்லவனாக இருந்தால் தட்டை மூடிவைத்திருப்பேன். நான் நல்லவன் இல்லை. ஒவ்வொரு கவளமாக உருட்டி, அவன் பார்க்கப் பார்க்க, நிதானமாகத் தின்றேன். நெத்திலியைக் கடக்கென்று கடித்தேன். பாதித் தட்டு தாண்டியது. கதவு சாத்தவில்லை. முக்கால் தாண்டியது. அவன் கண் என் கையோடு மேலே வந்து, கையோடு கீழே போனது. முள்ளைச் சூப்பி, தட்டை வழித்து, விரலை நக்கினேன். ஒரு பருக்கை இல்லை. ஷிபின் பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்து, "வர்றேண்ணே, வர்றேங்க்கா" என்று சுவரைப் பிடித்து இறங்கிப் போனான்.

"செங்கொடி! இங்க வா" என்று கூப்பிட்டேன். என் குரலே எனக்கு வேறு மாதிரி கேட்டது. அவள் வந்தாள். தட்டைப் பார்த்தாள். நாலு வருஷமாக நான் காத்திருந்த பார்வை. "ஐய, அல்லாத்தையும் துன்னுட்டியா!" என்று வாயில் கைவைத்துச் சிரித்தாள், என் தலையைக் கலைத்துவிட்டாள், கண்ணெல்லாம் மின்னியது. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் வயிற்றைத் தடவிக்கொண்டு சுவரில் சாய்ந்தேன். ராஜா மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே பானையைச் சுரண்டும் சத்தம் கேட்டது. சுரண்டிக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தேன். என் தட்டில்தான் அடிப்பானையின் காந்தலைத் தண்ணீர் விட்டுக் கரைத்துக்கொண்டிருந்தாள். குழம்புச் சட்டியில் வெறும் மண்டி.

"இன்னா பண்ற?"

"ஒண்ணும் இல்ல, போ."

"சோறு எங்க?"

"நீ பாதி வெப்பேன்னு நம்பி அளவாத்தான் ஒல வெச்சேன். வுடு, காந்தலு நல்லாத்தான் கீது. நீ துன்னதே எனக்குப் போதும்."

"அப்போ தெனம் நான் வெக்கறதைத்தான் துன்றியா?"

"பின்ன கொட்டுவாங்களா?"

"எத்தினி நாளா?"

"கண்ணாலம் ஆனதுலேர்ந்துதான்" என்றாள், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

யார் யார் டப்பாவையோ திறந்து பார்த்தவன் நான். ஷிபினுக்கு எத்தனை முட்டை, எத்தனை கிராம் கோழி, எவ்வளவு பீன்ஸ் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இருபத்திரண்டு பேருக்கும் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுகிறவள் என்ன சாப்பிடுகிறாள் என்று மட்டும் எனக்குத் தெரியாது. முழங்கையில் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அவள் எடை என்ன என்று யோசித்தேன். அதுவும் தெரியவில்லை.

அவள் கையிலிருந்து தட்டைப் பிடுங்கி வைத்தேன். "யோவ், இன்னாய்யா" என்றாள். பானையைக் கழுவினேன், தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தேன். அரிசி டின்னைத் திறந்து ஆழாக்கைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றேன். அவளுக்கு எவ்வளவு போட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, அவளைத்தான் கேட்க வேண்டியிருந்தது.